மண்டப வாடகை கடைச் செலவா, சொந்த எடுப்பா?

கேள்வி:

ஆடிட்டர் ஐயாவுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். என் பெயரில் மட்டும்தான், பங்குதாரர் யாரும் இல்லை. ஆண்டு விற்பனை 60 லட்சம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்தோம். மண்டப வாடகை 1,50,000, ஜிஎஸ்டி 27,000, ஆக மொத்தம் 1,77,000 ரூபாயைக் கடைக்காக பேங்கில் வாங்கிய சிசி கடன் கணக்கிலிருந்து அனுப்பினேன். பில்லைக் கடையின் ஜிஎஸ்டி எண்ணில்தான் வாங்கியிருக்கிறேன். வாடிக்கையாளர்கள், மொத்த வியாபாரிகள் எல்லாரையும் அழைத்திருந்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் கடைக்காரர்கள்தான். அதனால் விளம்பரச் செலவில் எழுதச் சொன்னேன். நாங்கள் கணக்குக் கொடுக்கும் அலுவலகத்தில் அதை எடுத்துவிட்டு 'டிராயிங்ஸ்' என்று போட்டுவிட்டார்கள். நான் போட்ட கணக்கில் லாபம் 5,40,000. அவர்கள் போட்டதில் லாபம் ஏறிவிட்டது, கடையில் நான் போட்ட முதலிலிருந்து பணம் கழிந்துவிட்டது. இரண்டு பக்கமும் எனக்கு அடி. சிசி லிமிட் புதுப்பிக்கப் போகும்போது பேங்கில் என்ன சொல்வார்கள்? சீருக்குக் கடையிலிருந்து 60,000 ரூபாய்ச் சரக்கும் எடுத்தோம், அதற்கு எதுவும் எழுதவில்லை. தாம்பூலப் பையில் கடைப் பெயரைத்தான் அச்சடித்தோம், அதுவாவது விளம்பரமா? இதற்கெல்லாம் பதிலாக எனக்கு நானே சம்பளம் போட்டுக்கொண்டால் என்ன?

பதில்:

முதலில் மகளுக்கு என் வாழ்த்து. அலுவலகத்தில் செய்த மாற்றம் சரிதான். ஆனால் அவர்கள் உங்களுக்கு விளக்கிச் சொல்லாமல் மாற்றியது சரியில்லை. 'இரண்டு பக்கமும் அடி' என்று நீங்கள் நினைப்பதற்குக் காரணமே அதுதான். உண்மையில் ஒரு பக்கம்கூட அடி இல்லை. அதை உங்கள் கணக்கை வைத்தே காட்டுகிறேன்.

பில், ஜிஎஸ்டி எண், வங்கி வழிப் பணம் ஆகிய மூன்றும் இருந்தால் அது கடைச் செலவு என்று நம் ஊரில் பலரும் நம்புகிறார்கள். அவை பணம் போனதற்கும் யாரிடம் போனது என்பதற்கும்தான் சாட்சி. எதற்காகப் போனது என்பதை வைத்துத்தான் செலவா இல்லையா என்று முடிவாகும். 2025-26 ஆண்டுக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு, சொந்தச் செலவாக இல்லாமல், முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே செய்த செலவைத்தான் கழிக்க விடுகிறது. 2026 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த விதி மாறவில்லை. கல்யாணத்துக்கு வாடிக்கையாளர்கள் வந்தார்கள், சரி. அவர்கள் யாருமே வராவிட்டாலும் அந்த மண்டபத்தைப் பிடித்திருப்பீர்கள் அல்லவா? அப்படியானால் அது கடைக்காகச் செய்த செலவு ஆகாது.

சட்டத்தை விடுங்கள், செட்டிநாட்டுக்கு இது புதிதே இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் நம்மவர்கள் கடை நடத்திய காலத்தில் முதலாளி இங்கே இருப்பார், அங்கே ஏஜெண்டு கடையைப் பார்த்துக்கொள்வார். கடை என்ன சம்பாதித்தது என்பதை வைத்துத்தான் ஏஜெண்டின் திறமையை எடை போட முடியும். முதலாளி வீட்டுக் கல்யாணச் செலவைக் கடைச் செலவில் ஏற்றினால், நன்றாக நடந்த கடையும் நஷ்டத்தில் நடந்ததாகத் தெரியும். இப்போது முதலாளியும் நீங்கள்தான், ஏஜெண்டும் நீங்கள்தான். இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் வந்துவிட்டதால் கணக்கும் கலந்துவிடுகிறது.

கடை தனி ஆள் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு எழுதுகிறோம். நீங்கள் போட்ட முதல், கடை உங்களுக்குத் தர வேண்டிய பணம். லாபம் வந்தால் அந்தக் கடன் கூடும். நீங்கள் எடுத்தால் குறையும். அப்படி எடுப்பதற்குப் பெயர்தான் டிராயிங்ஸ், சொந்த எடுப்பு. மண்டபக்காரருக்கு நேராகக் கடைக் கணக்கிலிருந்து பணம் அனுப்பியதும், கடையிலிருந்து 1,77,000 எடுத்து உங்கள் சட்டைப்பையில் வைத்து அப்புறம் அவரிடம் கொடுத்ததும் ஒன்றுதான். நடுவில் இருந்த படியை நீங்கள் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். எழுதும் முறை இது:

சொந்த எடுப்புக் கணக்கு – பற்று 1,77,000
வங்கி சிசி கணக்கு – வரவு 1,77,000

ஆண்டுக் கடைசியில் எடுப்புக் கணக்கின் மொத்தத்தை முதல் கணக்கில் கழித்துவிடுவார்கள். லாப நட்டக் கணக்கின் பக்கமே அது போகாது.

முதல் உண்மையில் குறைந்ததா?

ஆண்டுத் தொடக்கத்தில் உங்கள் முதல் 12,00,000 என்றும், வீட்டுச் செலவுக்கு மாதம் 30,000 வீதம் 3,60,000 எடுத்ததாக ஏற்கெனவே எழுதியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் போட்ட கணக்கின்படி லாபம் 5,40,000. பன்னிரண்டு லட்சத்தில் அதைக் கூட்டி, வீட்டு எடுப்பைக் கழித்தால் கடைசி முதல் 13,80,000.

இனி அலுவலகக் கணக்கு. விளம்பரத்தில் நீங்கள் எழுதியது வாடகை 1,50,000 மட்டும். வரி 27,000, வாங்கும்போது கட்டிய வரியைப் பிறகு கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி வரவில் உட்கார்ந்திருக்கும். வாடகையைச் செலவிலிருந்து எடுத்தால் லாபம் 6,90,000 ஆகிறது. அப்புறம் சீர்ச் சரக்கு. எதுவும் எழுதவில்லை என்கிறீர்கள். ஆனால் மார்ச் 31 அன்று சரக்கை எண்ணும்போது அது அலமாரியில் இருந்திருக்காது. இல்லாத சரக்கு விற்றுப்போனதாகவே கணக்கில் விழும், விற்ற பணம் மட்டும் வந்திருக்காது. அதாவது நீங்கள் எழுதாமலே 60,000 ரூபாய் லாபத்தில் குறைந்துவிட்டது. அதைத் திருத்தினால் லாபம் 7,50,000.

எடுப்பு எவ்வளவு? வீட்டுக்கு 3,60,000. மண்டபம் 1,77,000. சரக்கு 60,000, அதை வாங்கும்போது எடுத்த ஜிஎஸ்டி வரவு 3,000 என்று வைத்துக்கொண்டால் 63,000. மொத்தம் 6,00,000. பன்னிரண்டு லட்சத்தோடு ஏழரை லட்சத்தைக் கூட்டி ஆறு லட்சத்தைக் கழித்தால் கடைசி முதல் 13,50,000.

உங்கள் கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் 30,000 மட்டுமே. அதுவும் உங்களுக்கு உரிமையில்லாத ஜிஎஸ்டி வரவு, 27,000-மும் 3,000-மும். அதைத் தள்ளிப் பார்த்தால் செலவு என்று எழுதினாலும் எடுப்பு என்று எழுதினாலும் முதல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. பணம் போனது போனதுதான், அதை எந்தத் தலைப்பில் எழுதினாலும் திரும்பி வராது. மாறியது ஒன்று மட்டும்: கடை சம்பாதித்தது ஐந்தரை லட்சத்துக்கும் குறைவு என்று இருந்தது, இப்போது ஏழரை லட்சம் என்று உண்மை தெரிகிறது.

வரி மிச்சமானதா?

இதைக் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரலாம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை, தள்ளுபடிக்குப் பிறகு, வருமான வரி இல்லை. வேறு பெரிய வருமானம் இல்லையென்றால், லாபம் 5,40,000 என்று காட்டினாலும் 7,50,000 என்று காட்டினாலும் நீங்கள் கட்ட வேண்டியது பூஜ்யம்தான். மண்டபத்தை விளம்பரம் ஆக்கி நீங்கள் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை.

கடை வளர்ந்து லாபம் அந்த எல்லையைத் தாண்டும்போது கதை வேறு. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அதற்குரிய வரியில் 50 சதவீதம் அபராதம். கணக்கில் பொய்ப் பதிவு என்று முடிவானால் 200 சதவீதம். கல்யாண மண்டபத்தை விளம்பரம் என்று எழுதியது இரண்டாவது வகை என்று அதிகாரி சொன்னால், உங்கள் சார்பில் வாதாடுவது எனக்கே கஷ்டம். 'விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டும் 44ஏடி-யில் ரிட்டர்ன் போட்டுவிடலாம், செலவே காட்ட வேண்டாமே' என்று யாராவது சொல்வார்கள். அங்கே எல்லாச் செலவும் கழிந்ததாகவே எடுத்துக்கொள்வதால் மண்டபத்துக்கு இடமே இல்லை. பேங்குக்கு எப்படியும் லாப நட்டக் கணக்கு கொடுத்தாக வேண்டும்.

எடுப்பு என்று எழுதுவதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது, இதைக் கடைக்காரர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. மகள் கல்யாணத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று துறையில் கேள்வி வந்தால், எடுப்புக் கணக்குதான் உங்கள் பதில். பதில் இல்லாவிட்டால் அது விளக்கமில்லாத செலவு. அதற்கு 60 சதவீத வரியும் அதன்மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் போட 2025-26 ஆண்டுக்குப் பொருந்தும் சட்டத்தில் இடமுண்டு. மாதம் 30,000 மட்டும் எடுத்த வீட்டில் பெரிய கல்யாணம் நடந்தது என்றால் கேட்கத்தான் செய்வார்கள்.

ஜிஎஸ்டியில்தான் உண்மையான சிக்கல்

உடனே கவனிக்க வேண்டியது இது. சொந்த உபயோகத்துக்கான பொருளுக்கோ சேவைக்கோ கட்டிய வரியை வரவு எடுக்க முடியாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருப்பதால் அந்த 27,000 தானாகவே உங்கள் போர்ட்டலில் வந்து உட்கார்ந்திருக்கும். வந்துவிட்டது என்பதற்காக அது உங்களுடையது ஆகாது. அடுத்துப் போடும் 3பி படிவத்தில் 4(பி)(1) வரிசையில் மண்டபத்தின் 27,000-ஐயும், சீர்ச் சரக்கின் வரவையும் திருப்பிவிடுங்கள். அந்த வரவை எடுத்து, வரி கட்டவும் பயன்படுத்தியிருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி சேர்த்துக் கட்ட வேண்டும். எடுத்திருந்தும் பயன்படுத்தாமல் லெட்ஜரில் அப்படியே கிடந்தால் வட்டி இல்லை. ஆகவே முதலில் தை மாதத்திலிருந்து கிரெடிட் லெட்ஜரில் இருப்பு 30,000-க்குக் கீழே எப்போதாவது போனதா என்று பாருங்கள்.

நீங்கள் எழுதிய கணக்கைத் திருத்தும் பதிவு இப்படி வரும். சரக்கை வாங்கிய விலையில் எழுதவும், விற்கும் விலையில் அல்ல; உங்களுக்கு நீங்களே லாபம் வைத்து விற்க முடியாது.

சொந்த எடுப்பு – பற்று 2,40,000
விளம்பரச் செலவு – வரவு 1,50,000
கொள்முதல் – வரவு 60,000
ஜிஎஸ்டி வரவு – வரவு 30,000

சரக்குப் பதிவை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறுபது லட்சம் விற்பனையில் அறுபதாயிரம் என்பது சரியாக ஒரு சதவீதம். போன ஆண்டு மொத்த லாபம் 20 சதவீதம் என்றால் இந்த ஆண்டு 19 என்று காட்டும். விலையும் மாறவில்லை, சப்ளையரும் மாறவில்லை, பிறகு ஏன் குறைந்தது? கணக்கைப் பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது, பில் போடாமல் விற்றிருக்கிறார் என்பதுதான். சீராக மகள் வீட்டுக்குப் போன அண்டாவும் குடமும் கணக்கில் திருட்டு விற்பனை போலத் தெரியும். எடுத்த அன்றைக்கே ஒரு சீட்டில் பொருள், எண்ணிக்கை, கொள்முதல் விலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தால் இந்தப் பேச்சே வராது. இப்போதுகூடக் கொள்முதல் பில்களைப் பார்த்து ஒரு பட்டியல் தயார் செய்யலாம்.

தாம்பூலப் பையும் சம்பளமும்

பையில் கடைப் பெயர் இருந்தாலும், கல்யாணத்தில் தேங்காய் பழம் போட்டுக் கொடுத்த பை கல்யாணச் செலவுதான் என்பது என் கருத்து. ஆனால் நம் பக்கத்தில் பை எப்போதும் கூடுதலாகத்தான் அடிப்போம். மீந்ததைக் கடைக்குக் கொண்டுவந்து வாடிக்கையாளருக்குச் சாமான் போட்டுக் கொடுத்தால், அந்தப் பங்கு நல்ல கடைச் செலவு. 2,000 பையை 12 ரூபாய் வீதம் உங்கள் கைக்காசில் வாங்கி 500 மீந்தது என்றால், 6,000 ரூபாயை பேக்கிங் செலவில் பற்று எழுதி, உங்கள் முதல் கணக்கில் வரவு வைக்கலாம். இது எடுப்புக்கு நேர் எதிரான பதிவு: உங்கள் பணத்தில் கடைக்குச் செலவு செய்திருக்கிறீர்கள். லாபம் 6,000 குறையும், முதல் கணக்கில் 6,000 ஏறும், கடைசி முதல் மேலே சொன்ன இடத்திலேயே நிற்கும். 1,500 பையையும் சேர்த்து எழுதும் ஆசை வேண்டாம்.

சம்பளம் உங்களுக்கு நீங்களே போட முடியாது. தனி ஆள் கடையில் முதலாளியும் கடையும் வரிக்கு ஒரே பான் எண். வலது கையிலிருந்து இடது கைக்குக் கொடுத்ததைச் செலவு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சம்பளம் என்று பெயர் வைத்தாலும் எடுப்பில்தான் போகும். உங்கள் மனைவி தினமும் கல்லாவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்றால், அந்த வேலைக்கு வெளியாளுக்குக் கொடுக்கும் அளவில் அவருக்குச் சம்பளம் போடலாம். மாதாமாதம் அவர் வங்கிக் கணக்குக்குப் பணம் போக வேண்டும், மார்ச் 31 அன்று மொத்தமாக ஒரு வரியில் எழுதினால் எடுபடாது. கடையைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கினால் இயக்குநராகச் சம்பளம் எடுக்கலாம். ஆனால் அங்கே எடுப்பு என்ற கணக்கே கிடையாது. இஷ்டத்துக்குப் பணம் எடுத்தால் கம்பெனி உங்களுக்குக் கொடுத்த கடன் என்று ஆகி, அதற்குத் தனி வரித் தொல்லை. அறுபது லட்சம் வியாபாரத்துக்கு இந்த வம்பு தேவையில்லை.

பேங்கில் என்ன பார்ப்பார்கள்

எடுப்பு இருப்பதை பேங்க் குறையாக நினைக்காது. முதலாளி சாப்பிட வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் பார்ப்பது, எடுப்பு லாபத்தைத் தாண்டியதா என்று. லாபம் ஏழரை லட்சம், எடுப்பு ஆறு லட்சம், முதல் பன்னிரண்டிலிருந்து பதிமூன்றரைக்கு ஏறியிருக்கிறது. கல்யாண ஆண்டிலும் முதல் ஏறிய கடை என்பது நல்ல செய்தி. ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் லாபத்தைவிட ஏழரை லட்சம் லாபத்துக்கு லிமிட் கேட்பது சுலபம்.

அவர்கள் முகம் சுளிப்பது இரண்டு இடத்தில். ஒன்று, சிசி என்பது சரக்குக்கும் கடனுக்கு விற்றதற்கும் கொடுத்த பணம். அதிலிருந்து நேராக மண்டபத்துக்குப் போனது ஸ்டேட்மெண்டில் மண்டபத்தின் பெயரோடு தெரியும். கேட்டால் மறைக்காமல், லாபத்திலிருந்து எடுத்த சொந்த எடுப்பு என்று சொல்லுங்கள். விற்பனைப் பணமும் அதே கணக்கில்தான் விழுகிறது, ஆண்டு லாபம் எடுப்பைவிட அதிகம் என்பதால் அது நியாயமான பதில். வருமான வரியிலும் இதே வாதம் உதவும்; இல்லாவிட்டால் அந்த 1,77,000-க்கு ஓடிய வட்டி தொழிலுக்கானது அல்ல என்று தள்ளலாம். 11 சதவீதம், மூன்று மாதம் என்றால் அது சுமார் 4,900 ரூபாய். இனிமேல் மாதம் ஒரு தேதியில் கடைக் கணக்கிலிருந்து உங்கள் சேமிப்புக் கணக்குக்கு ஒரு தொகையை எடுப்பாக மாற்றிக்கொண்டு, வீட்டுச் செலவு, எல்ஐசி பிரீமியம், உங்கள் வருமான வரி எல்லாவற்றையும் அங்கிருந்து கட்டுங்கள். சிசி ஸ்டேட்மெண்டில் சரக்கும் வாடகையும் சம்பளமும்தான் இருக்கும்.

இரண்டாவது, நீங்கள் மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட். சீருக்குப் போன 60,000 ரூபாய்ச் சரக்கை தை மாதத்துக்குப் பிறகும் இருப்பில் காட்டிக்கொண்டே வந்திருந்தால், இல்லாத சரக்குக்குக் கடன் வாங்கியதாக ஆகும். புதுப்பிக்கும்போது இந்த ஸ்டேட்மெண்டையும் ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஆகவே பேங்குக்குப் போகும் முன் மார்ச் மாத ஸ்டேட்மெண்டை எடுத்து, மார்ச் 31 சரக்கு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் திருத்திய ஸ்டேட்மெண்டை, எடுத்த பொருள்களின் பட்டியலோடு நீங்களே முதலில் கொண்டுபோய்க் கொடுங்கள்.